பேட்டல் கார்டில் ஒரு பாதி வரி

நான் பயந்த சுபாவக்காரி. லிஃப்டில் ஏறினால் நடுவில் நின்றுவிடுமோ என்று பயம். மின்னஞ்சல் அனுப்பிய மறுநிமிடம், தப்பான ஆளுக்குப் போய்விட்டதோ என்று பயம். வீட்டைப் பூட்டிவிட்டு உலு திராம் சிக்னல் வரைக்கும் வந்து, அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பிப் போன நாட்கள் உண்டு. இப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, எதிரிக் கம்பெனிகளோடு சண்டை போடுவதற்கான காகிதத்தைத் திருத்தித் தரச் சொன்னார் எங்கள் பாஸ். ஆள் பார்த்துத்தான் வேலை கொடுத்தார் போலிருக்கிறது.

எங்கள் அலுவலகம் ஜோகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது. குளிர் அறைக்குள் மாட்டிவைக்கும் சின்னக் கருவி ஒன்றை விற்கிறோம். உள்ளே சூடு ஏறினால் அங்குள்ள இன்டர்நெட் வழியாக அறைக்காரரின் கைப்பேசிக்கு அழைப்பு போகும். கறி, மீன், ஐஸ்கிரீம் வியாபாரிகள்தான் பெரும்பாலும் வாங்குவார்கள். எங்கள் விற்பனைப் பேச்சு முக்கால்வாசி வீடியோ அழைப்பில் நடக்கும். பேச்சின் நடுவே அந்தப் பக்கத்து ஆள் திடீரென்று, ‘அவன் மிஷின் பாதி விலைதானாமே’ என்பார். அப்போது திருதிருவென்று முழிக்காமல், ஓரக்கண்ணால் பார்த்துப் பதில் சொல்வதற்கு ஒரு தாள் வேண்டும். அதைத்தான் பேட்டல் கார்டு என்கிறார்கள். பேட்டல் என்றால் போர், பெயரே எனக்கு ஒத்துவராது.

அந்தச் சமயத்தில் விற்பனைக்கு ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்திருந்தாள். அதற்கு முன்பு சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை. விடியுமுன் எழுந்து பாலம் தாண்டிப் போய், ஜாமில் மாட்டித் திரும்பி வருவதற்குள் மகள் தூங்கிப்போயிருப்பாள். அந்தப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்து, “இன்னிக்கு நீங்க ஏன் வேலைக்குப் போகல?” என்று கேட்டதாம். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல், குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்து இங்கே வந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளரோடு அவள் தனியாகப் பேச வேண்டும், பாஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், அதை வைத்துத்தான் முடிவு என்று சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் மறுபடி பாலம்தான். அவள் கையில் இருக்கப்போவது நான் திருத்தும் கார்டு. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய கார்டைத் திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக ஆங்கிலக் கட்டங்கள். நம் பக்கம் முழுக்கப் பச்சை, எதிரிகள் பக்கம் முழுக்கச் சிவப்பு. எதிரிகள் அவ்வளவு மட்டம் என்றால் இன்னும் ஏன் கடை நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அதை எழுதியவரைக் கேட்க ஆசைதான். அவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். கடைசிப் பக்கத்தில், எந்த எதிரியைப் பற்றி எதைச் சொல்லக் கூடாது என்று கொட்டை எழுத்தில், சிவப்பில், ஒரு பட்டியல் இருந்தது.

சரி, அவள் இதை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று பார்ப்போம் என்று நினைத்து ஒத்திகை வைத்தேன். நான் மீன் வியாபாரி, அவள் விற்பனையாளர். எதிர் எதிரே உட்கார்ந்தோம்.

“ஏம்மா, ஆன்லைன்ல ஒண்ணு ரொம்ப சீப்பா விக்கிறான். அத வாங்கினா போதாதா?” என்றேன்.

அவள் கண் கார்டில் மேலும் கீழும் அலைந்தது. பச்சை, சிவப்பு, கட்டம், அடிக்குறிப்பு. பிறகு எங்கேயோ நிலைகுத்தி, தெளிவான குரலில் வாசித்தாள்: “அவங்க மிஷின் தீப்பிடிக்கும்ணே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல்லக் கூடாத பட்டியலில் இருந்த வாக்கியம் அது. யாரோ எங்கேயோ கேட்ட வதந்தி. நிஜ வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

“அலமாக்! அது சொல்லக்கூடாதது!”

“சாரிக்கா. சிவப்பா பெருசா இருந்துச்சா, கண்ணு அங்கதான் போச்சு.”

அவள்மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. பயந்தவர்களின் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? பயத்தில் இருப்பவளுக்குச் ‘சொல்லாதே’ என்ற தலைப்பு தெரியாது, கீழே இருக்கும் வாக்கியம்தான் தெரியும். அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன். வாய்விட்டுச் சொல்லக் கூடாத ஒரு சொல்லும் அந்தக் கார்டில் இருக்கக் கூடாது. பட்டியலை வெட்டி எறிந்தேன்.

அப்புறம் கார்டைத் தலைகீழாக மாற்றினேன். எங்கள் பெருமையை வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும் பேச்சை வரிசைப்படுத்தினேன். இடப்பக்கம் அவர் சொல்வது, அவர் சொல்கிற மாதிரியே: ‘விலை அதிகம்’, ‘ஆன்லைன்ல சீப்பா இருக்கு’, ‘சிம் போட்ட மிஷின் காட்டினாங்க’, ‘கரண்ட் போனா?’. வலப்பக்கம் இவள் சொல்ல வேண்டியது, கூடவே இவள் திருப்பிக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. ஒரே பக்கம், பெரிய எழுத்து, பேச்சுத் தமிழ். பதில்களை முதலில் முழு வாக்கியங்களாகத்தான் எழுதினேன். அவள் வாசித்தபோது ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பதுபோல் இருந்தது. “ஆமென் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். இருவரும் சிரித்தோம். அதன்பிறகு எல்லாப் பதிலையும் பாதியில் வெட்டினேன். தொடக்கம் மட்டும் கார்டில் இருக்கும், மீதியை அவளே அவள் சொற்களில் முடிக்க வேண்டும். அப்படிச் செய்தபோது அவள் குரல் மனிதக் குரலாகிவிட்டது.

ஒவ்வொரு வரியும் உண்மைதானா என்று பார்ப்பது அடுத்த வேலை. பயந்தாங்கொள்ளிக்கு இந்த வேலை நன்றாக வரும். அந்த மலிவான கருவியை வாங்கி அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, கைப்பேசியோடு படியிறங்கிப் போனேன். கீழே கோப்பிக் கடையைத் தொடுவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அது பேசும். ஆகவே அந்த வரிக்கு, ‘ராத்திரி அங்க யாரு இருப்பாங்க?’ என்ற கேள்வியே போதும் என்று எழுதினேன். எதிரியைத் திட்ட வேண்டியதில்லை, வாடிக்கையாளரே யோசித்துக்கொள்வார். சிம் கார்டு போட்ட கருவிக்கு மலாய் மொழி வசதி இல்லை என்று பழைய கார்டு சொன்னது. போய்ப் பார்த்தால் எப்போதோ வந்துவிட்டிருந்தது. அதையும் அடித்தேன். சரிபார்த்த தேதியைக் கார்டின் அடியில் போட்டேன்.

அந்தச் சிம் கருவிதான் என்னை உலுக்கிவிட்டது. எங்களிடமிருந்து அதற்கு மாறிப்போன ஐஸ்கிரீம் வியாபாரி ஒருவர் எங்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறார். ஏன் மாறினீர்கள் என்று கேட்கப் போனேன். அவர் குளிர் அறையின் மெயின் சுவிட்சை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிம் கருவியிலிருந்து அவர் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது.

“உங்களோடது கரண்ட் போனாலும் உள்ள அளவு எடுக்கும்தான். ஆனா மோடம் செத்துப்போச்சுன்னா எப்படி எனக்குச் சொல்லும்? கனெக்‌ஷன் இல்லன்னு உங்க சர்வர்லருந்து ஒரு மெசேஜ் வரும். இங்க இன்டர்நெட் திணறும்போதெல்லாம் அதே மெசேஜ்தான். நான் பாக்கறதையே விட்டுட்டேன்” என்றார்.

திரும்பி வந்து, ‘நாம் தோற்கும் இடம்’ என்று தலைப்புப் போட்டு அதை அப்படியே கார்டில் எழுதினேன். கரண்ட் அடிக்கடி போகிற, இரவில் ஆள் இல்லாத குளிர் அறை என்றால் நம் கருவி மட்டும் போதாது. மோடத்தை நம்பியிராத சிம் கருவிதான் சரி.

பாஸ் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இது என்ன, பாவசங்கீர்த்தனமா? அவ புதுசு. பயத்துல முதல்ல இங்கதான் பாப்பா. நீதானே சொன்ன, சிவப்பு வரியப் படிச்சான்னு.”

என் வாதத்தையே எடுத்து என்மேல் போட்டார். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரி வாய்விட்டுச் சொல்லத் தகுந்த வரி என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சரி பாஸ்” என்றேன். அந்தப் பகுதியைத் தனிப் பக்கமாக எடுத்து, பயிற்சிக் கோப்பில் போட்டு, அவளிடம் ஒருமுறை படிக்கச் சொன்னேன். கார்டில் அது இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. மேசையின் ஒரு பக்கம் அவள், கணினித் திரையில் பாதி வாடிக்கையாளர் முகம், பாதி கார்டு. கேமராவுக்குத் தெரியாத இடத்தில் பாஸ். அவருக்குப் பக்கத்தில் நான், என் கணினியில் அதே கார்டு திறந்திருந்தது. நான் ஒரு எழுத்துத் தட்டினால் அவள் திரையில் அந்த நொடியே தெரியும். எதையும் தொட்டுவிடக் கூடாதே என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மேசைக்குக் கீழே துப்பட்டாவின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வாடிக்கையாளர் குளுவாங்கில் உறைகறி வியாபாரம் செய்யும் தமிழ் முஸ்லிம் பெரியவர். சலாம் சொல்லி, சாப்பாடு விசாரித்து, நிதானமாகத்தான் ஆரம்பித்தார்.

“தங்கச்சி, ஆன்லைன்ல ஒண்ணு பார்த்தேன். உங்களோடதுல பாதி விலைகூட இல்ல.”

அவள் கண் ஒரே தடவை இடப்பக்கம் போய் வந்தது. “வாங்கலாம்ணே, தப்பில்ல. ஆனா ராத்திரில அங்க யாரு இருப்பாங்கண்ணே? போன் பக்கத்துல இருந்தாதான் அது பேசும்.”

“ஓ. அங்க யாரும் இல்லம்மா.”

எனக்கு மூச்சு வந்தது. பாஸ் தலையை ஆட்டினார். பெரியவர் விலை பற்றிக் கேட்டார், பதில் சொன்னாள். மாதக் கட்டணம் கேட்டார், சொன்னாள். கார்டு வேலை செய்தது. பெரியவர் பேசும்போது அவள் கண் எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். துப்பட்டாவை விட்டுவிட்டாள். மகளைப் பள்ளியிலிருந்து இனியும் இவளே போய் அழைத்துவருவாள் என்று நான் நினைக்கத் தொடங்கிய நேரம், பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“நம்ம ஸ்டோர் லாயாங் லாயாங்ல இருக்கு தங்கச்சி. அந்த வரிசைல மழை வந்தா கரண்ட் போயிரும். போன ஹாஜிப் பெருநாளுக்கு முன்னாடி அப்படித்தான் போச்சு. காலைல போய்க் கதவத் திறக்கறேன், நாத்தம். ஒரு ரூம் கறியும் போச்சு. கரண்ட் போனா உங்க மிஷின் என்ன செய்யும்?”

கார்டில் அந்த வரி இருந்தது: ‘உள்ள பேட்டரி இருக்கு, அதனால…’

“உள்ள பேட்டரி இருக்குண்ணே. அதனால அது அளவு எடுத்துக்கிட்டேதான் இருக்கும்.”

“எடுக்கட்டும். எனக்குப் போன் வருமா?”

அவள் கண் இடப்பக்கம் போனது. மேலிருந்து கீழே போனது. திரும்பவில்லை. இன்னொரு முறை மேலே போனது. அந்தக் கேள்விக்கு அங்கே வரி இல்லை, எடுத்துப்போட்டது நான். பெரியவரின் முகம் திரையில் காத்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் யாரோ எலும்பு வெட்டும் சத்தம் கேட்டது.

பாஸ் அவளைப் பார்த்துக் கையை அசைத்தார். கட்டைவிரலால் கைப்பேசியில் தட்டுவதுபோல் காட்டினார். மெசேஜ் வரும் என்று சொல்லச் சொல்கிறார். அது முழுப் பொய்யும் இல்லை, கனெக்‌ஷன் இல்லை என்ற மெசேஜ் போகத்தான் செய்யும். அதைச் சொன்னால் பெரியவர் வாங்கிவிடுவார். இவள் வேலை நிரந்தரமாகும். ஒரு மழை இரவில் கரண்ட் போகும். அவர் அந்த மெசேஜைப் பார்த்துவிட்டு, இன்டர்நெட் திணறுகிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

என் கைகள் மடியிலிருந்து எழுந்தன. எப்படி எழுந்தன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ‘கரண்ட் போனா?’ வரிக்குக் கீழே தட்டினேன்.

உங்க ஸ்டோருக்கு எங்க மிஷின் மட்டும்

அந்த இடத்தில் பாஸ் என் திரைப் பக்கம் தலையைத் திருப்பினார். அவ்வளவுதான். என் விரல்கள் விறைத்துவிட்டன. இன்னும் ஒரே ஒரு சொல். அதை அடிக்க முடியவில்லை. என் வேலை, வீட்டுக் கடன், இந்த வயதில் இனி எங்கே போய் வேலை தேடுவது என்று எல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. அடித்த பாதியையும் அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அதற்கும் விரல் அசையவில்லை.

அவள் அந்தப் பாதி வரியைப் பார்த்தாள். பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, உங்க ஸ்டோருக்கு எங்க மிஷின் மட்டும் போதாதுண்ணே. கரண்ட் போனா மோடமும் போயிரும். கனெக்‌ஷன் இல்லன்னு ஒரு மெசேஜ்தான் வரும், அத நம்பி நீங்க தூங்க முடியாது. சிம் போட்ட மிஷின் பாருங்க. அது உங்களுக்குச் சரியா வரும்.”

பெரியவர் தாடியைத் தடவினார்.

“அப்ப உங்களோடது வேணாங்கற?”

“லாயாங் லாயாங்குக்கு வேணாம்ணே.”

“சரிம்மா. நல்லா இரு” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். மற்ற கடைக்கு வாங்குகிறேன் என்றோ, யோசித்துச் சொல்கிறேன் என்றோ ஒரு பேச்சும் இல்லை. வியாபாரம் போயே போய்விட்டது.

யாரும் எழவில்லை. அவள் மறுபடி துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

“மெசேஜ் வரும்னு சொல்லியிருக்கலாம்லா” என்றார் பாஸ். கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“அந்த மெசேஜுக்கு யாரும் எந்திரிக்க மாட்டாங்க பாஸ். ஐஸ்கிரீம்காரர் சொன்னத அக்கா தனிப் பக்கத்துல எழுதியிருந்தாங்க. நேத்து வீட்ல படிச்சேன்.”

பாஸ் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போனார். கண்ணாடி வழியாக அவர் நடைபாதையில் முன்னும் பின்னும் நடப்பது தெரிந்தது. இவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், எந்த நேரமும் போகச் சொல்வார்கள் என்பதுபோல.

பாஸ் திரும்பி வந்து கதவைப் பிடித்தபடி நின்றார். முகம் இறுகித்தான் இருந்தது.

“வரும்னு சொல்லி வித்திருந்தா, கறி கெட்டதும் மனுஷன் நம்ம வாசல்லதான் வந்து கொட்டியிருப்பாரு” என்றார். பிறகு என்னிடம், “அந்தப் பகுதிய மறுபடி கார்டுலயே போடு.” அவளிடம், “திங்கக்கிழமை இன்னொரு கால் இருக்கு. நீயே எடு. நிரந்தரத்துக்கு லெட்டர் அடிக்கச் சொல்றேன்.” பாராட்டு ஒன்றும் இல்லை. அன்று மதியம் எங்கள் இருவரோடும் அவர் பேசவுமில்லை.

சாயங்காலம் படியிறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அந்த நேரத்துல எனக்குக் கண்ணே இருட்டிருச்சு. நீங்க பாதி எழுதிட்டு, மீதிய வழக்கம்போல எனக்கு விட்டீங்க பாருங்க, அதுலதான் தைரியம் வந்துச்சு. நான் சொல்லிருவேன்னு அக்கா நம்புறாங்கன்னு நெனச்சேன்.”

கார்டில் எல்லா வரியும் பாதிதானே. இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிப் போயிருக்கலாம். அவள் கை என் கையில் இருந்தது, அதனால் முடியவில்லை.

“இல்லம்மா. பயத்துல கை நின்னுபோச்சு” என்றேன்.

அவள் படியிலேயே நின்று என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“எனக்கும் பயம்தான்கா” என்றாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டு, மகளின் மதியப் பள்ளி விடும் நேரம் என்று வேகமாக இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை காலை கார்டைத் திறந்தேன். அந்த வரி நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ‘போதாதுண்ணே’ என்று அடித்து முற்றுப்புள்ளி வைத்து, அதற்கு மேலே ‘நாம் தோற்கும் இடம்’ என்ற தலைப்பை மறுபடி போட்டேன். மற்ற வரிகளையெல்லாம் பாதியாகவே விட்டுவைத்தேன், பேசுகிறவர்கள் அவரவர் சொற்களில் முடித்துக்கொள்ளட்டும். அந்தக் கார்டில் முழுதாக இருப்பது அந்த ஒரு வரிதான். அடுத்து வருகிறவள் என்னைப் போன்றவளாக இருந்துவிடலாம்.